மீன் புரதமும் பாதரச வரம்பும்

மீன் புரதத்தின் பாதரச வரம்பு என்பது, ஒருவர் ஒரு வாரத்தில் உண்ணும் மீன்களின் வழியாக உடலில் சேரத்தக்க மெத்தில் பாதரசத்தின் உயர்ந்த அளவு ஆகும். தொடர்ந்து உடற்பயிற்சி செய்வோர் புரதத்திற்காக நாள்தோறும் ஒரே வகை மீனை உண்பது வழக்கமாக இருப்பதால் இவ்வரம்பு அவர்களுக்கு முக்கியமானது. பயிற்சி கூடினால் புரதத் தேவை கூடும். ஆனால் பாதரச வரம்பு உடல் எடையை மட்டுமே பொறுத்தது, பயிற்சியால் அது உயர்வதில்லை.

பாதரசம் சேரும் முறை

நீரில் கலந்த பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மிதவை உயிரிகளிலிருந்து சிறு மீன்களுக்கும், அவற்றை உண்ணும் பெரிய மீன்களுக்கும் செல்லும்போது செறிவு கூடுகிறது. எனவே நீண்டகாலம் வாழும் சுறா, வாள்மீன் ஆகியவற்றில் மிகுதியாகவும், மத்தி, நெத்திலி போன்றவற்றில் குறைவாகவும் காணப்படும். இது கொழுப்பில் அன்றித் தசைப் புரதத்துடன் பிணைந்திருப்பதால், தோலை நீக்குவதாலோ கழுவிச் சமைப்பதாலோ அகலாது.

கணக்கிடும் முறை

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012 ஆம் ஆண்டில், உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு வாரம் 1.3 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என வரம்பிட்டது. இதன்படி 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கு வார வரம்பு 91 மைக்ரோகிராம் ஆகும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் சராசரி அளவீடுகளின்படி, ஒரு கிராம் மீனில் உள்ள பாதரசம் பின்வருமாறு:

* மத்தி - 0.013 மைக்ரோகிராம்
* தகரத்தில் அடைத்த சாதாரண சூரை - 0.126 மைக்ரோகிராம்
* தகரத்தில் அடைத்த வெள்ளைச் சூரை (அல்பக்கோர்) - 0.350 மைக்ரோகிராம்
* வாள்மீன் - 0.995 மைக்ரோகிராம்

மேற்கூறியவர் நாள்தோறும் 150 கிராம் வெள்ளைச் சூரை உண்டால், வாரத்தில் 1,050 கிராம் மீனிலிருந்து சுமார் 368 மைக்ரோகிராம் சேரும். இது வரம்பைப் போல நான்கு மடங்கு ஆகும். அவருக்கு வாரம் 260 கிராம் மட்டுமே உகந்தது. சாதாரண சூரையாயின் ஏறத்தாழ 720 கிராம் வரை உண்ணலாம். வாள்மீனில் ஒரு சிறு துண்டே வார வரம்பை நிரப்பிவிடும். அதே 1,050 கிராம் மத்தியிலிருந்து 14 மைக்ரோகிராம் அளவே சேரும். சூரை, மத்தி இரண்டிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் புரதம் இருப்பதால், மீனை மாற்றுவதால் புரதம் பெரிதும் குறையாது.

அறிகுறிகளும் வரம்புகளும்

மெத்தில் பாதரசம் மெதுவாகவே வெளியேறும். உடலிலுள்ள அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாட்கள் ஆகும். ஆகையால் ஒருநாள் கூடுதலாக உண்பதைவிட, பல மாதங்கள் தொடரும் பழக்கமே தீங்கு தரும். விரல்களிலும் வாயைச் சுற்றியும் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், பார்வைப் புலம் சுருங்குதல் ஆகியவை கடும் நச்சேற்றத்தின் அறிகுறிகள். இவை வேறு நோய்களிலும் தோன்றும் என்பதால், இரத்தம் அல்லது தலைமுடிச் சோதனை மூலமே பாதரசத்தை உறுதி செய்ய இயலும்.

மேலுள்ளவை சராசரிகளே, ஒரே இனத்திலும் மீனின் அகவை, பிடிபட்ட கடற்பகுதி ஆகியவற்றிற்கேற்ப அளவு வேறுபடும். கருவின் நரம்பு மண்டலம் எளிதில் பாதிக்கப்படுவதால், கருவுற்ற பெண்கள் சுறா, வாள்மீன் ஆகியவற்றைத் தவிர்த்து, பாதரசம் குறைந்த மீன்களை வாரம் 225 முதல் 340 கிராம் வரை உண்ணுமாறு அமெரிக்க அரசு நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன.