க்ரஸ்கலின் பேராசைக் கணக்கு

பேராசை பெருநஷ்டம் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் பேராசைப்பட்டால் ஒரு பைசா கூட நஷ்டமில்லை என்று நிரூபிக்கப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. இந்தப் பதிவு அந்தக் கணக்கின் கதை.

முதல் உலகப்போர் முடிந்து செக்கோஸ்லோவாக்கியா தனி நாடான சமயம். அதன் மொராவியா பகுதியில் ஊர் ஊராக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. மின்சார நிறுவனத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், ஓட்டகார் போரூவ்கா என்ற கணித ஆசிரியரிடம் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார். எல்லா ஊரையும் இணைக்க வேண்டும், மொத்தக் கம்பிச் செலவு குறைவாக இருக்க வேண்டும், எப்படி? போரூவ்கா 1926ல் விடை சொன்னார். ஒவ்வொரு ஊரும் தனக்கு மிக அருகில் இருக்கும் ஊரோடு சேரட்டும். அப்படி உண்டான கூட்டங்கள் ஒவ்வொன்றும் தனக்கு அருகில் இருக்கும் கூட்டத்தோடு சேரட்டும். எல்லாம் ஒன்றாகும்வரை இதையே செய்ய வேண்டியதுதான். விடை சரி. ஆனால் கட்டுரையை செக் மொழியில் எழுதியிருந்தார், படிக்கவும் கொஞ்சம் கரடுமுரடு. வெளியே அதிகம் பேருக்குத் தெரியவில்லை.

அடுத்த காட்சி அமெரிக்காவில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில். 1954 வாக்கில், கணிதத்துறையின் தேநீர் அறைக்கு வெளியே யாரோ ஒருவர் ஜோசப் க்ரஸ்கல் என்ற இளைஞரிடம் இரண்டு மெல்லிய தாள்களைக் கொடுத்தார். ஜெர்மன் மொழியில் தட்டச்சு செய்த கார்பன் காப்பி. போரூவ்கா கட்டுரையின் சுருக்கம் அது. யார் தட்டச்சு செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை என்று க்ரஸ்கலே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். படித்தவருக்கு, இதை இன்னும் எளிதாகச் செய்யலாமே என்று தோன்றியது. 1956ல் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது.

அவர் சொன்ன வழி இவ்வளவுதான். போடக்கூடிய கம்பிகளை எல்லாம் செலவு வாரியாக, குறைந்ததில் ஆரம்பித்து வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றாக எடுங்கள். வளையம் உண்டாகாது என்றால் போடுங்கள், உண்டாகும் என்றால் தள்ளுங்கள். வளையம் இருந்தால் அதில் ஒரு கம்பி தண்டம், அதை அறுத்தாலும் எல்லா ஊரும் இணைந்தேதான் இருக்கும். வளையமே இல்லாமல் எல்லா ஊரையும் இணைக்கிற அமைப்புக்குக் கணிதத்தில் 'மரம்' என்று பேர்.

சரி, போட்டுப் பார்ப்போம். க, ச, ட, த, ப, ம என்று ஆறு ஊர்கள் (கற்பனைதான்). செலவு லட்சத்தில்: க-ச 2, ட-த 3, ப-ம 4, ச-ட 5, க-ட 6, க-த 7, த-ப 8, ட-ம 9, ச-ப 10.

முதல் மூன்று கம்பிகளில் யோசிக்க ஒன்றுமில்லை, போட்டுவிடலாம். இப்போது எல்லா ஊருக்கும் ஏதோ ஒரு கம்பி வந்துவிட்டது. அடுத்தது ச-ட. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 'ச-வுக்கும் கம்பி இருக்கு, ட-வுக்கும் இருக்கு, அப்புறம் எதுக்கு?' என்று தள்ளிவிடத் தோன்றும். அப்படித் தள்ளினால் மீதி எல்லாமே தள்ளுபடி ஆகி, மூன்று ஜோடிகள் தனித்தனியாக நிற்கும். தப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆறு ஊரை இணைக்கும் மரத்தில் சரியாக ஐந்து கம்பி இருக்க வேண்டும், இங்கே மூன்றுதான் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி, இரண்டு ஊரும் ஏற்கனவே *ஒரே கூட்டத்தில்* இருக்கிறதா என்பது. அதற்கு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கூட்ட எண் கொடுத்துவிடலாம். ஆரம்பத்தில் 1 முதல் 6 வரை ஆளுக்கொரு எண். மூன்று கம்பி போட்டபின் க, ச இரண்டுக்கும் 1. ட, த இரண்டுக்கும் 3. ப, ம இரண்டுக்கும் 5. ச-ட கம்பியின் முனைகளில் 1, 3. எண் வேறு, அதனால் போடலாம். போட்டதும் ட, த இரண்டும் 1 ஆகின்றன. அடுத்து க-ட. இரண்டு பக்கமும் 1, வளையம், தள்ளு. க-த அதே கதை. த-ப? 1, 5. போடு. ஐந்து கம்பி ஆச்சு, வேலை முடிந்தது. மீதி இரண்டைப் பார்க்கவே வேண்டாம். மொத்தம் 2+3+4+5+8 = 22 லட்சம்.

கூட்டங்கள் சேரும்போது சின்னக் கூட்டத்தின் எண்ணை மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனம். எண் மாறுகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஊர் இருக்கும் கூட்டம் இரண்டு மடங்காவது ஆகிவிடும். அதனால் ஆயிரம் ஊர் இருந்தாலும், எந்த ஊரின் எண்ணும் 9 தடவைக்கு மேல் மாறாது.

எல்லாம் சரி, 22க்குக் கீழே வேறு வழியே இல்லை என்று எப்படி நம்புவது? இந்த சந்தேகம் நியாயமானது. க்ரஸ்கல் கட்டுரையின் தலைப்பிலேயே ஊர் சுற்றும் விற்பனையாளர் கணக்கும் வருகிறது. எல்லா ஊருக்கும் ஒரு தடவை போய், கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அங்கே இதே பேராசை கவிழ்த்துவிடும். மலிவான வழிகளாகப் பொறுக்கிக்கொண்டே போனால், கடைசியில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு படுதூர வழியில் மாட்டிக்கொள்ள நேரலாம்.

மரத்தில் ஏன் அப்படி ஆகாது? எந்த இரண்டு கம்பிக்கும் ஒரே செலவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். நம்முடைய மரம் 'நம்மது'. மிகக் குறைந்த செலவுள்ள மரம் வேறு ஒன்று, அதற்கு 'எதிராளி' என்று பேர் வைப்போம். நாம் போட்ட வரிசையில், எதிராளியிடம் இல்லாத முதல் கம்பி எது என்று தேடி, அதை எதிராளியின் மரத்தில் சேர்க்கிறோம். உடனே ஒரு வளையம் வரும். நம்மதில் வளையமே கிடையாது, அதனால் அந்த வளையத்தில் நம்மிடம் இல்லாத கம்பி ஒன்றாவது இருந்தே தீரும். அதை எடுத்துவிட்டால் மறுபடியும் மரம்.

எதிராளிதான் குறைந்த செலவு என்றோம். ஆகவே இந்த மாற்றத்தால் செலவு குறையக்கூடாது. அப்படியென்றால் எடுத்த கம்பி, சேர்த்த கம்பியைவிட மலிவு. மலிவு என்றால் வரிசையில் நாம் அதை முன்னாலேயே பார்த்துத் தள்ளியிருக்கிறோம். ஏன் தள்ளினோம்? அதுவரை போட்ட கம்பிகளோடு அது வளையமாகும் என்பதால். ஆனால் அதுவரை நாம் போட்டதெல்லாம் எதிராளியிடமும் இருக்கிறது, அந்தக் கம்பியும் இருக்கிறது. அப்போது எதிராளியிடமே வளையம் இருந்திருக்க வேண்டும், அது மரமே இல்லை! முரண்பாடு. ஆக, எதிராளி என்று தனியாக ஒருவர் இல்லை, அவரும் நம்மதேதான் :-)

செலவு சமமாக வரும் கம்பிகள் இருந்தால்? வரிசையில் பின்னால் வருவதற்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு செலவு கூட்டிக்கொண்டால் போதும், இதே நிரூபணம் நடக்கும். 22ஐத் தொடுகிற மரங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம், 22க்குக் கீழே எதுவும் இருக்காது.

ரகசியம் அந்த ஒன்றுக்கு ஒன்று மாற்றில்தான் இருக்கிறது. மரத்தில் ஒரு கம்பியைச் சேர்த்து வளையத்தில் ஒன்றை எடுத்தால் மரமாகவே இருக்கும். விற்பனையாளரின் சுற்றில் ஒரு வழியைச் சேர்த்து ஒன்றை எடுத்தால் சுற்று உடைந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு மொத்தச் செலவை மட்டும்தான் குறைக்கும். நம் மரத்தில் க-விலிருந்து த-வுக்கு ச, ட வழியாகத்தான் போக வேண்டும், 2+5+3 = 10. நேர்வழி 7தான், ஆனால் அதைத் தள்ளிவிட்டோமே. தவிர, எந்த ஒரு கம்பி அறுந்தாலும் ஊர்கள் இரண்டாகப் பிரிந்து, மின்நிலையம் இல்லாத பக்கம் இருட்டுதான். நாம் தண்டம் என்று தள்ளிய க-ட கம்பி, ச-ட அறுந்து விழும் அன்றைக்குத்தான் எவ்வளவு பெறும் என்று தெரியும்.