ஒரு பாலமும் ஒரு மின்சூளும்: ஒரு புதிரின் வரலாறு குறித்து

ஆறு கடத்தல் பற்றிய புதிர்கள் ஐரோப்பாவில் நெடிய வரலாறுடையவை. 804 இல் மறைந்த அல்குவின் என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் இலத்தீன் கணக்குத் தொகுதியிலேயே ஓநாயையும் ஆட்டையும் முட்டைக்கோசையும் அக்கரை சேர்க்கும் புதிர் உண்டு. அங்கே எழும் வினா, கடத்தல் இயலுமா என்பதே. அதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதன்று. நேரத்தையே வினாவாக்கிய பாலப் புதிர் மிகப் பிந்தியது. நாம் அறிந்தவரை, 1981 இல் சோல் லெவ்மோரும் எலிசபெத் குக்கும் வெளியிட்ட நூலிலேயே அது முதலில் காணப்படுகின்றது.

இன்று பரவலாக வழங்கும் வடிவம் இதுவாகும். இரவில் நால்வர் ஒரு பாலத்தைக் கடத்தல் வேண்டும். மின்சூள் ஒன்றே உண்டு. அதின்றி எவரும் நடத்தலாகாது. ஒரு தடவையில் இருவருக்கு மேல் பாலம் தாங்காது. நால்வருக்கும் முறையே 1, 2, 5, 10 நிமிடங்கள் தேவை. இருவர் சேர்ந்து சென்றால் மெதுவானவரின் நேரமே கணக்காகும்.

விரைவானவரே ஒவ்வொரு தடவையும் மின்சூளைத் திருப்பிக் கொணர்தல் நன்று என்றே எவர்க்கும் முதலில் தோன்றும். அவ்வாறாயின் 2, 1, 5, 1, 10 என மொத்தம் 19 நிமிடங்கள். ஆனால் முதலில் 1, 2 நிமிடக்காரர் சென்று, 1 திரும்பி, 5, 10 நிமிடக்காரர் ஒருங்கே கடந்து, அக்கரையில் நின்ற 2 திரும்பி, இறுதியில் முதலிருவரும் சென்றால், 2, 1, 10, 2, 2 என 17 நிமிடங்களே ஆகின்றன.

17 இலும் குறைத்தல் இயலாதென எவ்வாறு அறிவோம்? மெதுவான இருவரும் வெவ்வேறாகக் கடந்தால், முன்செலவு மூன்றும் குறைந்தது 10, 5, 2, திரும்புகை இரண்டும் குறைந்தது 1, 1, ஆக 19. அவர்கள் சேர்ந்து முதலிலோ இறுதியிலோ கடந்தால், அவ்விருவருள் ஒருவர் திரும்பி நடத்தல் தவிராது. நேரம் மேலும் பெருகும். ஆகவே இடையில் கடத்தல் வேண்டும். அப்போது மற்றிருவரும் தலைக்கொரு தடவை திரும்புவர். அதுவே 17.

இதனை 'மெதுவானோரைச் சேர்த்தனுப்புக' என்னும் விதியாக மனனஞ் செய்வோர் பலர். இப்புதிரைக் கேட்டு ஆட்சேர்ப்பு நடத்திய கணினி நிறுவனங்கள் அதற்கு ஊக்கமளித்தன என்றே கருதுகின்றோம். நேரங்கள் 1, 4, 5, 10 ஆயின் அவ்விதி பிழைக்கும். சேர்த்தனுப்பினால் 23 நிமிடங்கள். விரைவானவரே துணைசென்றால் 21 தான். இரண்டாம் விரைவானவரின் நேரத்தை இரட்டித்துப் பார்த்தல் வேண்டும். விரைவானவரின் நேரத்தையும் மெதுவானோருள் இரண்டாமவரின் நேரத்தையும் கூட்டிய தொகையிலும் அது குறைந்தாலே சேர்த்தனுப்புதல் இலாபம். இங்கு 8 ஆனது 6 இலும் பெரிது. முன்னைய கணக்கில் 4 ஆனது 6 இலும் சிறிது.

ஆட்கள் எத்தனை பேராயினும், மெதுவான இருவரை அக்கரை சேர்க்குந்தோறும் இவ்வொப்பீட்டைச் செய்து மிகக் குறைந்த நேரத்தைப் பெறலாம். இதற்குரிய பொது நிறுவலை 2002 இல் குந்தர் றோட்டே ஐரோப்பியக் கணினியியற் கழகமொன்றின் இதழில் வெளியிட்டார்.