கண்டிப் பகுதி மலையகத் தமிழர்: அடையாளத் தொடர்ச்சியும் மறைவும்

கண்டிப் பகுதி மலையகத் தமிழரில் பெரும்பாலோர், 19ஆம் நூற்றாண்டு முதல் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியினர். கம்பளைப் பக்கம் 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இலங்கை முழுவதற்குமே 'கண்டிச் சீமை' என்று பெயர் விழுந்தது. வந்து ஐந்தாறு தலைமுறை ஆன பின்னும் இவர்கள் வீட்டு மொழி தமிழே.

இதே கண்டியில் இவர்களுக்கு முன் தென்னிந்திய நாயக்கர் வழி மன்னர் நால்வர் 1739 முதல் 1815 வரை அரசாண்டார்கள். அவர்களின் உறவினர் குடியிருந்த வீதிக்கு மலபார் வீதி என்று பெயர் வந்தது. இன்று அங்கே அந்தச் சமூகம் இல்லை. கடைசி மன்னர் சிறீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் இறந்தார். அரண்மனையை நம்பியிருந்த அடையாளம் அரண்மனையோடு போயிற்று. தோட்டத்தார் நிலைத்ததற்குக் காரணம் ஓரளவு கசப்பானது: லயம், கோயில், பாடசாலை மூன்றும் ஒரே மேட்டில் அடைபட்டுக் கிடந்தன. வெளியே போக வழி குறைவு. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கி அந்த வேலியை இன்னும் உயர்த்தியது.

மொழி. தோட்டத் தமிழ் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய தமிழை அப்படியே காத்தது அல்ல. ஆங்கிலச் சொற்களை உள்ளே இழுத்துத் தன்னதாக்கிக்கொண்ட மொழி அது. வரிசை வீடு 'லயம்' ஆனது, காலையில் ஆள் சேர்க்கும் இடம் 'பிரட்டுக்களம்' ஆனது, ஒப்பந்த வேலை 'கொந்தரப்பு' ஆனது. வேலையோடு பிணைந்த இந்தச் சொற்கள், வேலையை விட்ட குடும்பத்தில் முதலில் உதிர்கின்றன. மொழி உண்மையில் உடையும் இடம் பாடசாலை. தோட்டப் பாடசாலை கீழ் வகுப்புகளோடு நின்று, அடுத்த தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருந்தால், பிள்ளை அருகிலுள்ள சிங்களப் பாடசாலைக்குப் போகிறது. அப்பாயி தமிழில் கேட்பாள். பேரன் புரிந்துகொண்டு சிங்களத்தில் பதில் சொல்வான். அவனுடைய பிள்ளைக்குக் கேட்டாலும் புரிவதில்லை. மொழி மாற இரண்டு தலைமுறை போதும்.

சமயம். கண்டியில் தெய்வம் மட்டும் எல்லை வகுப்பதில்லை. பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களும் ஊர்வலம் வருகின்றன. சிங்கள பௌத்தரும் கதிர்காமக் கந்தனை வணங்குகிறார்கள். ஆகவே தமிழர் என்று காட்டுவது சாமியைவிட, சாமிக்காக ஊர் கூடிச் செய்யும் வேலை. காமன் கூத்தை எடுத்துக்கொள்ளலாம். மாசி மாதப் பிறை கண்டபின் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அதன் பிறகு நாள்தோறும் பூசையும் ஆட்டமும். ரதி, மன்மதன், எமன், வீரபத்திரன் வேடமிடுவோர் விரதம் காப்பார்கள். நிறைவு இரவு விடிய விடிய ஆடி, விடியலுக்கு முன் மன்மதனை எரிப்பார்கள். பாட்டுத் தெரிந்த வாத்தியார், தப்படிப்போர், வேடக்காரர், வீட்டுக்கு வீடு வரி சேர்ப்போர் என்று ஒரு தோட்டமே இதற்கு வேண்டும். இளைஞர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனதும் பல இரவுக் கூத்து ஒரே இரவுக்குச் சுருங்கிவிடுகிறது. பாடல்கள் பெரும்பாலும் வாய்மொழியாக வருவதால், ஆடாத இரவின் பாட்டு அடுத்த வாத்தியாருக்குக் கிடைக்காது. கூத்து நடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது. எத்தனை இரவு நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உணவு. மலையகத்தாரின் அடையாள உணவான தேங்காய் ரொட்டியும் சம்பலும் தோட்டத்தில் உருவான பழக்கம். கோதுமை மாவோடு துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கல்லில் தடிப்பாகத் தட்டிச் சுட்டு, செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பலோடு தின்பார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணுக்கு அது மதியம் வரை தாங்கும். கண்டியில் சிங்களரும் இதையே உண்பதால் அங்கே இது யாரையும் தனித்துக் காட்டாது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா 5,25,000 பேரை ஏற்க ஒப்புக்கொண்டது. அதன்படி நீலகிரிக்குப் போய்க் குடியேறியவர்களிடமோ அதே ரொட்டி 'சிலோன்காரர்' என்பதன் அடையாளமானது. கண்டியில் தமிழராக இருந்தவர்கள், தமிழ் பேசும் ஊரில் கண்டிக்காரர் ஆனார்கள்.

மறையும் இடங்கள். உயரமான பெருந்தோட்டங்களில் அடையாளம் உறுதியாக நிற்கிறது. சிங்களக் கிராமங்களோடு ஒட்டிக் கிடக்கும் மத்திய உயரச் சிறு தோட்டங்களில்தான் அது கரைகிறது. 1970களின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறித் துண்டானபோது, லயம் கலைந்து குடும்பங்கள் சிதறின. எஞ்சிய ஓரிரு குடும்பங்களுக்குத் தமிழ்ப் பாடசாலையும் இல்லை, கூத்துக்கு ஆளும் இல்லை. கலப்பு மணம், பிள்ளைக்குச் சிங்களப் பெயர் என்று மாற்றம் நடந்தது. 1983 போன்ற கலவர ஆண்டுகளில் தமிழ்ப் பெயரை மறைப்பது உயிர் காக்கும் வழியாகவும் இருந்தது. அதைத் துரோகமென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இன்னொரு மறைவு தமிழுக்குள்ளேயே நடக்கிறது. 'இந்தியத் தமிழர்' எனப் பதிவானோர் 1981இல் சுமார் 8.2 லட்சம், 2012இல் சுமார் 8.4 லட்சம். நாட்டின் மக்கள்தொகை பெருகிய அளவுக்கு இது பெருகவில்லை. இந்தியாவுக்குப் போனவர்கள் ஒரு காரணம்; கணக்கெடுப்பில் 'இலங்கைத் தமிழர்' என்று சொல்லிக்கொண்டவர்கள் மற்றொரு காரணம். ஆசிரியராகவோ கடைக்காரராகவோ கண்டி நகருக்கு வந்த குடும்பம் தமிழ் பேசுகிறது, கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிடுகிறது, ஆனால் லயத்தில் பிறந்ததைச் சொல்லத் தயங்குகிறது. இதற்கு எதிரான போக்காக 'மலையகத் தமிழர்' என்ற பெயர் வலுப்பெற்று வருகிறது. 2023இல், வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்தார்கள்.