சிலிபின் கடைக்காரர்களுக்கு வரும் மதிப்பீட்டு வரி, வணிக உரிம அறிவிப்புகள்

பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரைச் சேர்ந்த சிலிபின் வட்டாரம் ஈப்போ மாநகர் மன்றத்தின் ஆட்சி எல்லைக்குள் உள்ளது. ஈப்போவுக்கு 1988 மே 27 அன்று மாநகர் தகுதி கிடைத்தது. இங்கே கடை நடத்துபவருக்கு மன்றத்திலிருந்து இரண்டு வகை அறிவிப்புகள் வருகின்றன. ஒன்று கட்டடத்துக்கான மதிப்பீட்டு வரி. மலாயில் இது ‘சுக்காய் தக்சிரான்’ எனப்படும்; பேச்சில் ‘சுக்காய் பிந்து’ என்பார்கள். மற்றொன்று கடை நடத்துவதற்கான ‘லேசென்’, அதாவது உரிமத்தைப் புதுப்பிக்கும் அறிவிப்பு. இரண்டுக்கும் அடிப்படை 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் (சட்டம் 171). அறிவிப்புகள் மலாயில் இருப்பதால், தமிழ் மட்டும் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுண்டு. வரி கட்டடத்தைச் சார்ந்தது, சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு. உரிமம் வணிகத்தையும் அதை நடத்துபவரையும் சார்ந்தது. வரியை எதிர்த்து மறுப்பு தெரிவிக்கச் சட்டமே வழி தருகிறது. உரிமத்துக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை.

வரி பில்லில் உள்ளவை

பில்லில் முதலில் பார்க்க வேண்டியது ‘நிலாய் தாஹுனான்’, அதாவது ஆண்டு மதிப்பு. அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு வாடகை வரும் என மதிப்பிடும் தொகை இது. பழுதுபார்ப்பு, காப்புறுதி, வரி ஆகியவற்றை உரிமையாளரே ஏற்கிறார் என வைத்துக்கொண்டுதான் இதைக் கணக்கிடுவார்கள். ஆகவே உண்மையில் வாங்கும் வாடகையும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உரிமையாளரே கடை வைத்திருந்தாலும் இதே கணக்குதான். அடுத்தது ‘காடார்’, அதாவது விழுக்காடு. ஆண்டு மதிப்பை விழுக்காட்டால் பெருக்கினால் ஓராண்டு வரி வரும். சட்டப்படி இந்த விழுக்காடு 35க்கு மேல் போகக் கூடாது. அந்த உச்சவரம்புக்குள் மன்றம் தன் விகிதத்தை முடிவு செய்யும். இடத்தையும் கட்டடத்தின் பயன்பாட்டையும் பொறுத்து அது வேறுபடலாம்.

வரி இரண்டு தவணையாக முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும். ஜனவரித் தவணையைப் பிப்ரவரி இறுதிக்குள்ளும், ஜூலைத் தவணையை ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்டாவிட்டால் அது ‘துங்கக்கான்’, அதாவது நிலுவை ஆகிவிடும். நில அலுவலகத்துக்குக் கட்டும் ‘சுக்காய் தானா’ என்ற நில வரி இதில் சேராது. அது மாநில அரசுக்குரியது. மே இறுதிக்குள் கட்ட வேண்டும். ஒன்றைக் கட்டிய ரசீதை மற்றொன்றுக்குக் காட்ட முடியாது.

வரி கூடும்போது

புதிய பில்லில் தொகை ஏறியிருந்தால், மதிப்பு ஏறியதா, விழுக்காடு ஏறியதா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கற்பனையாக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு மதிப்பு 9,600 ரிங்கிட், விழுக்காடு 11 என்றால் ஓராண்டு வரி 1,056 ரிங்கிட், ஒரு தவணை 528. மறுமதிப்பீட்டில் ஆண்டு மதிப்பு 14,400 ரிங்கிட்டாகி, விழுக்காடு அப்படியே இருந்தால் ஒரு தவணை 792 ரிங்கிட் ஆகும். இங்கே உயர்வு முழுவதும் மதிப்பிலிருந்து வந்தது. ஆகவே கேள்வியும் மதிப்பைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். அதே வரிசையில் உள்ள, அதே பரப்பளவுள்ள கடைகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்பதுதான் பொருத்தமான சான்று. வியாபாரம் மந்தம் என்பது இந்தக் கணக்கில் வராது.

மன்றம் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்புப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். புதிய பட்டியலுக்கு மறுப்பு தெரிவிக்க விரும்புபவர், அறிவிப்பில் குறித்துள்ள மறுபரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்துமூலம் அளிக்க வேண்டும். பின்புறம் கூரை போட்டு விரிவாக்கியது போன்ற காரணத்தால் ஒரு கட்டடத்தின் மதிப்பை மட்டும் தனியாக மாற்றினால், அந்த அவகாசம் 10 நாள் முன்னதாக என்றாகிறது. மன்றத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பில் வந்த பிறகு கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்வது மறுப்பு ஆகாது.

நிலுவையும் வாடகைதாரரும்

நிலுவை சேர்ந்தால் ‘போராங் இ’ என்ற கோரிக்கை அறிவிப்பு வரும். அதன்பின் 15 நாளில் கட்டாவிட்டால் அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்யும் ஆணையை மன்றம் பிறப்பிக்கலாம். இதில் வாடகைதாரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்துக்குள் கிடக்கும் பொருள் யாருடையதாக இருந்தாலும் பறிமுதலுக்கு உட்படலாம். வீட்டுக்காரர் வரி கட்டாததற்காக வாடகைதாரரின் சரக்கு போகக்கூடும். அதைத் தவிர்க்க அவர் நிலுவையைக் கட்டினால், எழுத்துமூலம் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தத் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. எனவே ‘போராங் இ’ உரிமையாளர் பெயரில் வந்திருந்தாலும் வாடகைதாரர் அதை ஓரமாக வைத்துவிடக் கூடாது.

உரிமப் புதுப்பிப்பு

வணிக உரிமம் சட்டத்தின் 107ஆவது பிரிவின்கீழ் வழங்கப்படுகிறது. ஒரு உரிமம் மூன்றாண்டுக்கு மேல் செல்லாது. பணம் கட்டுவதற்கு முன் அறிவிப்பில் நான்கு விவரங்களைச் சரிபார்ப்பது வழக்கம்: உரிமம் பெற்றவரின் பெயர், கடை முகவரி, வணிக வகை, விளம்பரப் பலகை. இவற்றில் அதிகம் சிக்கல் தருவது வணிக வகைதான். மளிகைக் கடை என்று உரிமம் பெற்றவர் முன்வாசலில் தோசைக்கல்லும் மேசை நாற்காலியும் போட்டுவிட்டார் என்றால், பழைய உரிமத்தைப் புதுப்பிப்பது மட்டும் போதாது. சமைத்த உணவு விற்பது தனி வகை. அதற்கு உணவு கையாளுபவர்களின் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசிப் பதிவும் கேட்கப்படும். சோதனைக்கு வரும் அமலாக்க அதிகாரி தாளில் எழுதியுள்ள வகையையும் கண்முன் நடக்கும் வியாபாரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

விளம்பரப் பலகைக்கான கட்டணமும் இதோடு வரும். பலகையில் தமிழ் எழுத்து இருக்கலாம். ஆனால் மலாய் எழுத்து அதைவிட முதன்மையாகத் தெரிய வேண்டும். கடையை இன்னொருவருக்கு விற்றால் உரிமம் கடையோடு சேர்ந்து போகாது. வாங்கியவர் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தின் வணிகப் பதிவு இதிலிருந்து வேறானது. சொந்தப் பெயரில் பதிந்தவருக்கு ஆண்டுக் கட்டணம் 30 ரிங்கிட், வணிகப் பெயரில் பதிந்தவருக்கு 60 ரிங்கிட். அந்தப் பதிவு காலாவதியாகியிருந்தால் மன்றத்தில் உரிமப் புதுப்பிப்பு தடைபடலாம். ஆகவே அதை முதலில் முடிப்பது நல்லது.

உரிமத்தைக் கடைக்குள் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டி வைப்பதும் சட்டக் கடமை. தவறினால் 500 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மறுக்கப்பட்டால்

காரணம் கூறாமலே உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கவும், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யவும் 107ஆவது பிரிவு மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ரத்தானால் இழப்பீடு கோர முடியாது. வரி மதிப்பீட்டுக்கு உள்ளது போன்ற மறுப்பு நடைமுறை உரிமத்துக்கு இந்தப் பிரிவில் இல்லை. எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு கோருவதுதான். முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். மறுப்புக் கடிதம் கிடைத்த தேதியை உறையோடு பாதுகாத்து வைப்பது இதற்குத் தேவைப்படும்.