திட்டப் பணப்பாய்வில் நடைமுறை மூலதனம்

ஒரு திட்டத்தின் பணப்பாய்வைக் கணிக்கும்போது, இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் போடும் பணத்தோடு சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் முடங்கும் பணத்தையும் சேர்க்க வேண்டும். இப்படிச் சரக்கிலும் பாக்கியிலும் முடங்கும் பணத்திலிருந்து நூல் மில் போன்றவற்றுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியைக் கழித்தால் கிடைப்பதே நிகர நடைமுறை மூலதனம்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக்குப் புதிதாக ஒரு பிரிவு தொடங்குவதாகக் கொள்வோம். நூல் வாங்கி, துணியாக்கி, சாயமிட்டு, தைத்து அனுப்பிய பிறகும் பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் கூலிக்கும் அதற்கு முன்பே பணம் தர வேண்டியிருக்கும். ஆகவே ஓராண்டு விற்பனைக்குத் தேவையான நடைமுறை மூலதனம் முந்தைய ஆண்டின் முடிவிலேயே கையில் இருக்க வேண்டும் என்று கணிப்பது வழக்கம்.

நான்கு ஆண்டுகளின் விற்பனை முறையே 200, 250, 300, 200 லட்சம் ரூபாய் என்றும், தேவை அடுத்த ஆண்டு விற்பனையில் 20 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 40 லட்சம் வேண்டும். முதலாண்டு முடிவில் தேவை 50 லட்சம், இரண்டாம் ஆண்டு முடிவில் 60 லட்சம். பணப்பாய்வில் எழுத வேண்டியது இந்த இருப்புகளை அல்ல, அவற்றின் மாற்றத்தை மட்டுமே. தொடக்கத்தில் 40, அடுத்த இரண்டு ஆண்டு முடிவுகளிலும் தலா 10 லட்சம் வெளியே போகிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் தேவை 40 லட்சமாகச் சுருங்குவதால் 20 லட்சம் திரும்புகிறது. நான்காம் ஆண்டு முடிவில் சரக்கு தீர்ந்து, பாக்கியும் வசூலாகி, மீதி 40 லட்சமும் வந்துசேர்கிறது. போனதும் வந்ததும் 60 லட்சம்தான். முழுமையாக மீளும் திட்டத்தில் இந்த வரிசையின் கூட்டுத்தொகை சுழியாக வராவிட்டால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

கூட்டுத்தொகை சுழி என்பதால் இதை விட்டுவிடலாம் என்று நினைப்பது தவறு. ஆண்டுக்கு 12 விழுக்காடு கழிவு வீதத்தில் இதே வரிசையின் தற்போதைய மதிப்பு ஏறக்குறைய 17.2 லட்சம் ரூபாய் இழப்பாகிறது. பணம் இத்தனை காலம் முடங்கியதற்கான விலை அது. லாபம் மெல்லியதாக இருக்கும் திட்டத்தை நிராகரிக்க அதுவே போதும். மாறாக, முதலீட்டைக் காட்டி இறுதி மீட்பை மறந்தால், அந்த 40 லட்சத்தின் தற்போதைய மதிப்பான 25.4 லட்சம் விட்டுப்போய், நல்ல திட்டமும் மோசமாகத் தெரியும்.

இந்த முதலீட்டுக்குத் தேய்மானம் கிடையாது. போட்ட தொகையே திரும்பும்போது அது வருமானம் ஆகாததால் வரியும் இல்லை. ஆனால் முழுத் தொகையும் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது. கழிக்கப்பட்ட பீஸ்களும் பழைய ஆர்டரின் மிச்சத் துணியும் அடிமாட்டு விலைக்குப் போகும். சில பாக்கி வராமலே போகும். இறுதி 40 லட்சத்தில் 4 லட்சம் வராது என்று கொண்டால் மீட்பு 36 லட்சம். அந்த இழப்பை வரிக்குரிய லாபத்தில் கழிக்க இடமிருந்து, வரி 25 விழுக்காடாகவும் இருந்தால், மிச்சமாகும் 1 லட்சத்தையும் வரவில் சேர்க்கலாம்.