தாளில் இடம்பெயரும் லாபம்: குறைவரி நாடுகளும் நிறுவனத்தின் உள்விலையும்

2016 ஜூலையில் அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் முந்தைய ஆண்டின் கணக்கை வெளியிட்டது. 2015இல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26.3 சதவீதம் வளர்ந்திருந்ததாம். ஒரே ஆண்டில் பொருளாதாரம் கால் பங்குக்கு மேல் பெருகினால் புதிய ஆலைகளும் புதிய ஆட்களும் அதே வேகத்தில் பெருகியிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. சில பன்னாட்டு நிறுவனங்கள், முக்கியமாக ஆப்பிள், தம் அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்குக் கொண்டுவந்திருந்தன. வளர்ச்சியின் பெரும்பகுதி அதுதான்.

இதற்குப் பாடநூல் தரும் விடை எளிது: அயர்லாந்தின் நிறுவன வரி 12.5 சதவீதம், அதனால் லாபம் அங்கே போகிறது. இது பாதி விடை என்பது இக்கட்டுரையின் வாதம். பாரிஸில் ரொட்டிக் கடை வைத்திருப்பவருக்கும் 12.5 சதவீத வரி பிடிக்கும். ஆனால் அவருடைய அடுப்பும் வாடிக்கையாளரும் பாரிஸில் இருக்கும்வரை லாபமும் அங்கேதான் இருக்கும். குறைந்த வரி, லாபத்தை நகர்த்தும் ஆசையைத்தான் விளக்குகிறது. நகர்த்த முடிவது எப்படி என்பதை வேறிடத்தில் தேட வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு குழுமத்தின் துணை நிறுவனம் 30 சதவீத வரியுள்ள நாட்டில் 1,000 யூரோவுக்கு மென்பொருள் விற்கிறது. அங்கே அதற்கு ஆகும் செலவு 300. மீதி 700க்கு வரி 210. இப்போது மென்பொருளின் காப்புரிமையை அயர்லாந்தில் உள்ள சகோதர நிறுவனத்தின் பெயருக்கு எழுதிவிடுகிறார்கள். விற்கும் நிறுவனம் அதைப் பயன்படுத்த 600 யூரோ ராயல்டி கட்டுகிறது. ராயல்டி செலவாகக் கழிக்கப்படுவதால் விற்ற நாட்டில் மிஞ்சுவது 100, அதற்கு வரி 30. அயர்லாந்தில் 600க்கு வரி 75. மொத்தம் 105. விற்ற பொருளும் எழுதிய பொறியாளரும் வாங்கியவரும் மாறவில்லை. வரி மட்டும் சரிபாதியாகிவிட்டது.

அந்த 600 எங்கிருந்து வந்தது என்பதே மையக் கேள்வி. சட்டம் இரு துணை நிறுவனங்களையும் தனித்தனி ஆட்களாகப் பார்க்கிறது. அவற்றுக்கு இடையிலான விலை, உறவில்லாத இருவர் பேரம்பேசி முடிவுசெய்யும் விலையாக இருக்க வேண்டும் என்கிறது. எஃகுக்கோ கோதுமைக்கோ சந்தை விலை இருப்பதால் வரி அதிகாரி ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஒரு தனித்த மென்பொருளுக்கோ வணிகப் பெயருக்கோ ஒப்பிட அதுபோன்ற இன்னொன்று இல்லை. 600 சரியா, 400 சரியா என்று வாதாட இரு தரப்பிலும் நிபுணர்கள் கிடைப்பார்கள். போதாததற்கு இந்தச் சொத்துக்கு எடையும் இல்லை, முகவரியும் இல்லை. ஒரு கையெழுத்தில் நாடு மாறிவிடும்.

அறிவிக்கப்பட்ட வரி விகிதத்தை நம்பி ஆய்வை முடித்துவிடக் கூடாது என்பதற்கும் அயர்லாந்தே சான்று. வாங்கிய அறிவுசார் சொத்தின் விலையை ஆண்டுதோறும் தேய்மானக் கழிவாக லாபத்திலிருந்து கழிக்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. இக்கழிவுக்கு இருந்த 80 சதவீத உச்சவரம்பு 2015இல் நீக்கப்பட்டு 2017இல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சொத்தைக் கொண்டுவந்தவர், அதிலிருந்து வரும் வருமானம் முழுவதையும் கழிவால் ஈடுகட்டிவிடலாம். அப்போது 12.5 சதவீதமும் பெயரளவுக்குத்தான்.

தாளில் உள்ள லாபத்தை உண்மையான லாபத்திலிருந்து பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு: லாபத்தைச் சம்பளத்தால் வகுத்துப் பார்ப்பது. டோர்ஸ்லோவ், வியர், ஸுக்மன் ஆகிய மூன்று பொருளியலாளர்களின் ஆய்வின்படி, அயர்லாந்தில் வெளிநாட்டு நிறுவனங்களின் லாபம் அவை தரும் சம்பளத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. உள்ளூர் நிறுவனங்களிலோ லாபம் சம்பளத்தைவிடக் குறைவு. ஐரிஷ் தொழிலாளர் எவ்வளவு திறமைசாலியானாலும் இந்த இடைவெளியை அவர்களால் விளக்க முடியாது. ஆனால் இந்த அளவுகோலைக் கண்மூடிப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. அயர்லாந்தின் லீக்ஸ்லிப்பில் உள்ள இன்டெலின் சில்லு ஆலை நிஜமானது. இயந்திரம் மிகுந்த தொழிலில் சம்பளத்தைவிட லாபம் உயர்ந்திருப்பது இயல்பு.

இதில் குறைவரி நாட்டுக்கு என்ன ஆதாயம்? சிறிய நாட்டுக்குச் சொந்த வரித்தளம் சிறியது. விகிதத்தைக் குறைப்பதால் உள்ளூரில் இழப்பது கொஞ்சம், வெளியிலிருந்து வரும் பெருந்தொகையில் கிடைக்கும் சிறு பங்கோ பெரிது. பெரிய நாட்டுக்கு இக்கணக்கு தலைகீழாகிவிடும். வரிப்புகலிடங்களில் பலவும் சிறு நாடுகளாக இருப்பது தற்செயல் அல்ல.

75 கோடி யூரோவுக்கு மேல் ஆண்டு வருவாய் உள்ள குழுமங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரியை அயர்லாந்து 2024 முதல் நடைமுறைப்படுத்துகிறது. சம்பளத்துக்கும் கட்டடம், இயந்திரம் போன்ற சொத்துகளுக்கும் ஏற்ப லாபத்தில் ஒரு பகுதிக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அதாவது நிஜத் தொழிலையும் தாளையும் பிரிக்கும் முயற்சி சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நம் கணக்கில் இதைப் பொருத்தினால், விலக்கை ஒதுக்கிவைத்துப் பார்க்கும்போது, 600 யூரோ ராயல்டியால் மிச்சமாகும் வரி 105இலிருந்து 90ஆகக் குறைகிறது. ஆசை சற்றுத் தணியும். அந்த 600ஐ யார், எதை வைத்து நிர்ணயிப்பது என்ற கேள்வியை இச்சட்டம் தொடவில்லை.