காயிலிருந்து மாவு

தொட்டியம் வட்டாரத்தில் வாழைத்தார்கள் ஒரே சமயத்தில் வெட்டுக்கு வந்தால் விலை சரிந்துவிடும். பழுக்கத் தொடங்கிய தாரோ அதிக நாள் காத்திராது. மாவாக்கி வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். யோசனை பழையதுதான். ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஸ்டான்லி, 1890இல் வெளியான தம் நூலிலேயே வாழைமாவைப் புகழ்ந்திருக்கிறார். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தோன்றியதோ 1993இல்தான்!

பழத்தை அரைத்தால் மாவு கிடைக்காது. முற்றிய காயில் நீர் போக எஞ்சுவதில் பெரும்பகுதி மாவுச்சத்து. பழுக்கையில் அது சர்க்கரையாகிறது. சர்க்கரை ஈரத்தை இழுப்பதால், உலர்த்திய பழம் ஆலையில் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

எனவே பச்சைக் காயைத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்க வேண்டும். காற்றுப் பட்டதும் நொதிகளால் வில்லைகள் கருக்கும். அதைத் தடுக்க, உடனே சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் போடுவார்கள். பிறகு சுமார் 60 டிகிரி செல்சியஸில் உலர்த்துவார்கள். வில்லை வளைந்தால் ஈரம் இருக்கிறது. சடக்கென்று ஒடிந்தால் அரைக்கலாம்.

100 கிலோ காயில் தோல் போகச் சுமார் 60 கிலோ சதை. அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். கடைசியில் மாவு 20 கிலோவுக்குள்தான். விலை சொல்லுமுன் இக்கணக்கைப் பாருங்கள். இன்னொன்று: இம்மாவில் குளூட்டன் இல்லை. தனியாகச் சப்பாத்தி இட்டால் பிளந்துவிடும். கோதுமை மாவு கலக்க வேண்டும்.